ஒலிநூல் பதிவில் ஒட்டுத் தெரிகிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் முறை

புதிதாக ஒலிநூல் வாசிப்பவர்களின் அத்தியாயங்களைத் திருத்திக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப ஒரே சில கோளாறுகள்தாம் வருகின்றன. குரல் நன்றாக இருக்கும், உச்சரிப்பும் சுத்தமாக இருக்கும். ஆனால் வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஏதோ ஒன்று கேட்பவரை இடறும். அவர் கதையை விட்டுவிட்டு ஒலியைக் கவனிக்கத் தொடங்கிவிடுவார்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே எளிய காரணம் முதலில் வருகிறது, செலவு வைப்பது கடைசியில். நான் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் வேலை செய்வதால் மெனுப் பெயர்கள் அதிலிருந்து வருகின்றன. மற்ற மென்பொருள்களிலும் இதே வசதிகள் உண்டு. எதைச் சோதிப்பதாக இருந்தாலும் காதை மூடும் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஸ்பீக்கரில் கேட்டால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையின் சத்தமே பாதிக் குறையை மறைத்துவிடும்.

## இடைவெளி வரும்போதெல்லாம் ஒலி அறுந்துபோகிறது

பேசும்போது மெல்லிய இரைச்சல் ஒன்று கூடவே இருக்கிறது. பேச்சு நின்றதும் அதுவும் சட்டென்று நின்று, ஒன்றுமே இல்லாத பள்ளம் விழுகிறது. அடுத்த வாக்கியம் தொடங்கும்போது இரைச்சல் மீண்டும் எழுகிறது.

யாரும் பேசாதபோதும் எந்த அறையிலும் ஏதோ ஒரு ஒலி இருக்கும். அதைத்தான் ரூம் டோன் என்கிறோம். இங்கே அது நடுநடுவே காணாமல் போயிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எடிட்டிங். இருமலையோ நாற்காலிச் சத்தத்தையோ நீக்குவதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து Silence கட்டளை கொடுத்திருப்பீர்கள். அது அந்த இடத்தை முழுச் சூனியமாக்கிவிடும். சோதிப்பது சுலபம்: இடைவெளியைத் தேர்ந்தெடுத்து Analyze மெனுவில் Measure RMS கொடுங்கள். RMS என்பது அந்தப் பகுதியின் சராசரி ஒலியளவு. முடிவில் எண்ணுக்குப் பதிலாக முடிவிலி வந்தால் அங்கே ஒலியே இல்லை என்று பொருள். அதே இடத்தில் அன்றைய ரூம் டோனை ஒட்டினால் பள்ளம் மூடிவிடும்.

அடுத்தது நாய்ஸ் கேட். ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனதும் கதவடைக்கும் கருவி இது. இது காரணமாக இருந்தால் எல்லா இடைவெளிகளும் ஒரே மாதிரி அறுந்திருக்கும், சொற்களின் கடைசி அசைகளும் தேய்ந்திருக்கும். தமிழில் கடைசி அசை போனால் வினையின் பொருளே போய்விடும். "வந்தான்", "வந்தாள்" இரண்டும் "வந்தா" என்று மட்டும் கேட்டால் வந்தது யார் என்று தெரியாது. கேட்டை எடுத்துவிட்டு மூலப் பதிவிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

மூன்றாவது, கணினியோ ஃபோனோ தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கம். நீங்கள் எதையும் சேர்க்காமலே மூலப் பதிவில் பள்ளங்கள் இருந்தால் சந்தேகம் இதன்மேல்தான். கணினியின் ஒலி அமைப்புகளில் மைக்குக்கான மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். ஏற்கனவே இப்படிப் பதிவான அத்தியாயத்தைக் காப்பாற்ற முடியாது, மறுபடி வாசிக்கத்தான் வேண்டும்.

ரூம் டோனைப் பிடிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒவ்வோர் அமர்விலும் தொடக்கத்தில் 30 விநாடி, முடிவில் 30 விநாடி, மைக்குக்கு முன்னால் வாசிக்கும் அதே நிலையில் அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்யுங்கள். எழுந்து வெளியே போய்விட்டுப் பதிவு செய்தால் அறையின் ஒலி கொஞ்சம் மாறிவிடும், ஏனென்றால் உங்கள் உடலும் ஒலியை உறிஞ்சுகிறது. ஒரே ஒரு விநாடித் துண்டை எடுத்து அடுத்தடுத்து ஒட்டாதீர்கள். அதிலுள்ள சின்ன 'டிக்' கூடத் தாளம் போலத் திரும்பத் திரும்பக் கேட்கும். நீளமான பதிவில் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டுவதே நல்லது.

## அத்தியாயத்தின் நடுவில் பின்னணி மாறுகிறது

இரண்டு நாட்களாகப் பிரித்து வாசித்த அத்தியாயங்களில் இது அநேகமாக இருக்கும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் 'இங்கே ஏதோ ஒட்டியிருக்கிறார்கள்' என்று காது சொல்லிவிடும்.

இங்கே யூகிக்க வேண்டாம், இரண்டு அளவுகள் எடுத்தால் போதும். ஒட்டுக்கு முன்னாலும் பின்னாலும் ஒவ்வோர் இடைவெளியைத் தேர்ந்தெடுத்து RMS பாருங்கள். அதேபோல் இரு பக்கமும் பத்து விநாடி தொடர்ச்சியான பேச்சைத் தேர்ந்தெடுத்து அதன் RMS பாருங்கள். இந்த நான்கு எண்களே காரணத்தைச் சொல்லிவிடும்.

பேச்சும் இடைவெளியும் ஒரே அளவு ஏறியிருந்தால், மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் நகர்ந்திருக்கிறது. இதுதான் மிக எளிய நிலை. பின்பாதியைத் தேர்ந்தெடுத்து அந்த வித்தியாசத்தை Amplify மூலம் குறைத்தால் இரண்டும் சேர்ந்துவிடும். இனிமேல் நகராமலிருக்கக் குமிழின் நிலையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள்.

பேச்சு இறங்கி இடைவெளி அப்படியே இருந்தால் வாய் மைக்கை விட்டுத் தள்ளிப் போயிருக்கிறது. இரண்டு மூன்று டெசிபெல் வித்தியாசம் என்றால் உயர்த்திச் சமாளிக்கலாம். அதற்கு மேல் உயர்த்தினால் இரைச்சலும் சேர்ந்து உயரும். அந்தப் பகுதியை மறுபடி வாசிப்பதே குறைந்த வேலை.

பேச்சு அப்படியே இருந்து இடைவெளி மட்டும் ஏறியிருந்தால் அறையில் ஏதோ ஒன்று ஓடத் தொடங்கியிருக்கிறது.

கடைசி வகைக்கு ஓர் அத்தியாயத்தை முழுதாகப் பார்ப்போம். 26 நிமிட அத்தியாயம். 14 நிமிடம் 20 விநாடியில் தொடங்கி அடியில் ஓர் 'ம்ம்ம்' கேட்கிறது. பேச்சு இரு பக்கமும் -21 டெசிபெல். இடைவெளி முன்பாதியில் -66, பின்பாதியில் -58. ஆகவே கெயினும் மாறவில்லை, வாசித்தவரும் நகரவில்லை. இன்னொரு தடயமும் இருந்தது: வாசித்தவர் மறுநாள் தொடர்ந்த இடம் 11-ஆவது நிமிடம், இரைச்சல் தொடங்கியதோ 14-ஆவது நிமிடத்தில். அப்படியானால் இது நாள் மாறியதால் வந்ததல்ல, வாசிப்பின் நடுவே தானாக ஓடத் தொடங்கிய ஏதோ ஒன்று. ட்ராக்கை, ஒலியின் சுருதிகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால் அடியில் மெல்லிய கிடைக்கோடு ஒன்று அந்த இடத்தில் பிறந்து கடைசி வரை போகிறது. வாசித்தவரிடம் வீட்டில் என்னென்ன தானாக ஓடி நிற்கும் என்று கேட்டதும் விடை கிடைத்துவிட்டது: பக்கத்து அறை ஃபிரிட்ஜின் கம்ப்ரசர்.

இதைச் சரிசெய்யப் பின்பாதியை மட்டும் தொட்டால் போதும். அந்தப் பாதியிலேயே பேச்சில்லாத இரண்டு விநாடியைத் தேர்ந்தெடுத்து Noise Reduction-இல் மாதிரியாகக் கொடுத்து, குறைப்பை 6 டெசிபெல் என்று வைத்துப் பின்பாதிக்குப் போட்டதும் இடைவெளி -64 பக்கம் வந்தது. முன்பாதியோடு இரண்டு டெசிபெல்தான் வித்தியாசம். இரைச்சல் தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் காட்சி மாறும் பத்தி இடைவெளி ஒன்று இருந்தது. முன்பாதியின் ரூம் டோன் மெல்ல மங்கவும் பின்பாதியின் ரூம் டோன் மெல்ல எழவும் அங்கே ஒன்றரை விநாடி கிராஸ்ஃபேடு கொடுத்தோம். காட்சி இடைவெளிக்கும் இரைச்சலின் தொடக்கத்துக்கும் நடுவிலிருந்த மூன்று வாக்கியங்களை மட்டும் அவர் ஃபிரிட்ஜ் ஓடும்போதே மறுபடி வாசித்தார், அவையும் பின்பாதியோடு சேர்ந்துகொண்டன.

6 டெசிபெலோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. அதே கருவியை 15, 20 என்று இழுத்தால் இரைச்சல் போகும், ஆனால் குரலுக்குத் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போன்ற நெளிவு வந்துவிடும். 'ஸ', 'ஷ', 'ச' ஒலிகளில் அது முதலில் தெரியும். குறைப்பைப் போட்ட பிறகு அந்த எழுத்துகள் நிறைந்த ஒரு வாக்கியத்தை எடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? வீட்டில் ஓடக்கூடிய எல்லாவற்றையும் நிறுத்தி, மடிக்கணினியின் சார்ஜரையும் கழற்றி, வேறு கேபிளும் மாற்றிய பிறகும் ஒரே சுருதியில் 'ஹம்' இருந்தால் கோளாறு மின் இணைப்பிலோ, மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸிலோ இருக்கலாம். அதே மைக்கை நண்பர் வீட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஹம் இல்லை என்றால் மின் பணியாளரிடம் எர்த் இணைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயும் இருந்தால் கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## ஒலியளவைச் சமப்படுத்தியதும் இரைச்சல் எழுந்துவிட்டது

பதிவு செய்தபோது அமைதியாக இருந்தது, அளவு சரிசெய்ததும் சீறுகிறது. இது கணக்குதான். நீங்கள் வாசித்தது -28 டெசிபெலில், அறையின் இரைச்சல் -64-இல். பேச்சை -20-க்குக் கொண்டுவர 8 டெசிபெல் உயர்த்தும்போது இரைச்சலும் 8 ஏறி -56-இல் நிற்கும். பதிவின்போதே கெயினைக் கூட்டியிருந்தாலும் இது தீராது, ஏனென்றால் அறைச் சத்தமும் சேர்ந்தே ஏறும். தீர்வு மைக்கை நெருங்குவதுதான். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. மைக் வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப', 'த' போன்ற எழுத்துகளின் காற்று நேரே போய் மோதாது.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல்: அளவு சமப்படுத்திய அத்தியாயத்தில், சமப்படுத்தாத ரூம் டோனை ஒட்டுவது. அந்த இடங்கள் மட்டும் தாழ்ந்து கேட்கும். ரூம் டோன் ஒட்டும் வேலையை முதலில் முழுதாக முடித்துவிட்டுப் பிறகு அத்தியாயத்தை மொத்தமாகச் சமப்படுத்துங்கள்.

## பின்னணி ஒன்றுதான், குரல் வேறு ஆள் போல இருக்கிறது

காலையில் எழுந்ததும் வாசித்த குரல் கனமாகவும், மாலையில் வாசித்தது மெலிந்தும் இருக்கும். தினமும் ஒரே நேரத்தில் வாசித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நேரம் ஒன்றாக இருந்தும் குரல் கனத்துக் கேட்டால் மைக்குக்கு மிக நெருக்கமாகப் போயிருக்கிறீர்கள். பெரும்பாலான வாசிப்பு மைக்குகள் பக்கத்தில் போகப் போகக் கீழ்ச்சுருதியை ஊதிக் காட்டும்.

தொடர்ந்து வாசிப்பதாக இருந்தால், புதிய வரியைத் தொடங்கும் முன் பழைய பதிவின் கடைசி ஐந்து விநாடியைக் காதில் கேட்டபடியே அதில் சேருங்கள். ஆடாசிட்டியில் இதற்கு Punch and Roll Record உண்டு. குரலும் வேகமும் தாமாகவே முன்னதோடு பொருந்திக்கொள்ளும்.

ஓய்வு எடுத்தும் மூன்று வாரத்துக்கு மேல் தொண்டை கட்டியே இருந்தால் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

## வாசிப்பு ஓடுகிறது, கேட்பவர் பின்தங்குகிறார்

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது தமிழுக்கு உதவாது. "போய்விட்டிருக்கக்கூடும்" என்பதை ஒரு சொல்லாக எண்ணினால் கணக்கு எங்கே நிற்கும்? பக்கத்தை வைத்து அளவிடுங்கள். முதல் அத்தியாயத்தில் வசனம் குறைவான ஒரு முழுப்பக்கம் 2 நிமிடம் 10 விநாடி எடுத்தது, எட்டாம் அத்தியாயத்தில் அதே மாதிரிப் பக்கம் 1 நிமிடம் 45 விநாடியில் முடிந்துவிட்டது என்றால் நீங்கள் ஓடத் தொடங்கிவிட்டீர்கள். முதல் அத்தியாயத்தின் ஒரு நிமிடத்தைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் அமர்வுக்கும் முன் கேளுங்கள். பதிவான பிறகு மென்பொருளால் வேகத்தைக் குறைக்க முயலாதீர்கள். மூச்சும் சேர்ந்து நீண்டு, வாசிப்பவர் களைத்தவர் போலக் கேட்கும்.

வேகம் சரி, ஆனால் புரியவில்லை என்றால் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதுவரை வருகிறவற்றைக் கேட்பவர் மனதில் தாங்கிக்கொண்டிருக்கிறார். தவறான இடத்தில் நிறுத்தினால் அந்தச் சுமை சிதறிவிடும். இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்:

"மழை விட்டதும் வெளியே வந்த முருகேசன் தெருமுனையில் நின்றிருந்த வண்டியின் பக்கத்தில் தன் மகள் குடையில்லாமல் நனைந்தபடி நிற்பதைப் பார்த்தான்."

மூச்சுத் தீரும் இடத்தில் நிறுத்துகிறவர் அநேகமாக "நின்றிருந்த" என்பதற்குப் பிறகு நிறுத்துவார். உடனே, நின்றது யார் என்று கேட்பவர் தடுமாறுவார். "முருகேசன்" முடிந்ததும் சின்ன நிறுத்தம், "பக்கத்தில்" முடிந்ததும் இன்னொன்று, பிறகு "பார்த்தான்" வரை ஒரே ஓட்டம் என்று வாசித்தால் ஒரே தடவையில் விளங்கிவிடும். பெயரெச்சத்தையும் அது தழுவும் பெயரையும் பிரிக்காமலிருப்பதுதான் இதன் அடிப்படை.

ஆனால் அந்தப் பெயர் பக்கத்தில் இல்லாமல் தள்ளி இருக்கும்போது நிறுத்தம்தான் பொருளைத் தீர்மானிக்கும். "நேற்று வந்த மாமாவின் நண்பர்" என்பதில் "வந்த" என்பதற்குப் பிறகு நிறுத்தினால் வந்தவர் நண்பர். "மாமாவின்" என்பதற்குப் பிறகு நிறுத்தினால் வந்தவர் மாமா. கண்ணால் படிக்கும்போது முன்பின் பார்த்து நாம் புரிந்துகொள்கிறோம், காதுக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே பதிவுக்கு முதல்நாளே அத்தியாயத்தைப் படித்து, இரண்டு வரிக்கு மேல் நீளும் வாக்கியங்களிலெல்லாம் பென்சிலால் சாய்கோடு போட்டு வையுங்கள். மற்ற எந்தத் தயாரிப்பையும்விட இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

வாக்கியத்தின் வால் விழுங்கப்பட்டால் காரணம் பெரும்பாலும் மூச்சுதான். வாக்கிய முடிவில் மூச்சுத் தீர்ந்து "இல்லை", "கூடாது" போன்றவை அமுங்கிப் போனால் பொருள் தலைகீழாகிவிடும். கடைசிச் சாய்கோட்டில் மூச்சு எடுக்கப் பழகுங்கள். மூச்சுச் சத்தத்தையெல்லாம் எடிட்டிங்கில் வெட்டிவிட வேண்டாம், கேட்பவர் மூச்சுமுட்டுவதாக உணர்வார். காதை உறுத்துவதை மட்டும் ஆறேழு டெசிபெல் தணித்தால் போதும்.

நடுவில் தட்டுத் தடுமாறினால் அது எண்களிலும் பெயர்களிலும்தான் இருக்கும். 1947 என்பதை "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு" என்று படிப்பதா, "பத்தொன்பது நாற்பத்தேழு" என்று படிப்பதா என முன்கூட்டியே முடிவெடுத்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். பாத்திரப் பெயரில் வரும் 'ச' எந்த ஒலி என்பதையும் அதே தாளில் குறித்துக்கொண்டால் மூன்றாம் அத்தியாயத்துச் சாரதா பத்தாம் அத்தியாயத்தில் ஷாரதா ஆகமாட்டாள்.

இடைவெளிகளுக்கு நான் வைத்திருக்கும் அளவு: வாக்கிய முடிவில் முக்கால் விநாடி அளவில், பத்தி மாறும்போது ஒன்றேகால் விநாடி, காட்சி மாறும்போது மூன்று விநாடிக்குள். கதையின் போக்கைப் பொறுத்து மாற்றிக்கொள்ளலாம், ஆனால் நூல் முழுக்க ஒரே வழக்கமாக இருக்க வேண்டும்.

## அத்தியாயக் கோப்புகள் சேரவில்லை

வரிசை குலைந்தால் பெயரைப் பாருங்கள். 1, 2, 10 என்று வைத்தால் பல கருவிகள் 1, 10, 2 என்று அடுக்கும். சுழியமும் சேர்த்து எழுதுங்கள்:

```
00_opening.wav
01_chapter.wav
02_chapter.wav
10_chapter.wav
99_closing.wav
```

முதல் சொல் பாதியில் தொடங்குவதாகக் கேட்டால் தொடக்கத்தில் இடம் விடவில்லை. கோப்பின் தொடக்கத்தில் அரை விநாடி முதல் ஒரு விநாடி வரையும், முடிவில் ஒன்று முதல் ஐந்து விநாடிக்குள்ளும் ரூம் டோன் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பும் ஓர் அத்தியாயம் மட்டும். அத்தியாயத் தலைப்பையும் வாசித்துவிடுங்கள்.

ஓர் அத்தியாயம் உரக்கவும் அடுத்தது மெல்லவும் கேட்டால் எல்லாக் கோப்புகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். வெளியீட்டாளர் அளவுத்தாள் கொடுத்திருந்தால் அதுவே முடிவு. கொடுக்கவில்லை என்றால் ஒலிநூல் வெளியிட உதவும் ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவுகளை வைத்துக்கொள்ளலாம்: RMS -23 முதல் -18 வரை, உச்சம் -3-ஐத் தாண்டக் கூடாது, இரைச்சல் -60-க்குக் கீழே. Loudness Normalization-இல் RMS -20 என்று கொடுத்து, அதன்பின் Limiter-ஐ -3.5-இல் வைத்தால் பெரும்பாலான வாசிப்பு இதற்குள் வந்துவிடும்.

எண்கள் சரியாக இருந்தும் திருப்பி அனுப்பினால் கோப்பின் வகையைப் பாருங்கள். சில அத்தியாயங்கள் மோனோ, சில ஸ்டீரியோ, சில 44.1 கிலோஹெர்ட்ஸ், சில 48 என்று கலந்திருக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று ஒரே முடிவாக வைத்துக்கொண்டு, கடைசியில் 192 கேபிபிஎஸ் மாறா விகித எம்பி3-யாக ஏற்றுமதி செய்யுங்கள். திருத்தம் வந்தால் அந்த எம்பி3-ஐத் திறந்து திருத்தாமல் WAV மூலத்துக்குப் போய்த் திருத்தி, மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3-ஐ எம்பி3-யாகவே மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் குறையும்.

எல்லா எண்களும் பொருந்தியும் அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரலின் தன்மை மாறிக்கொண்டே இருந்தால், அது மாஸ்டரிங் செய்பவரின் வேலை. முழு நூலையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட வேண்டாம். நன்றாக வந்த அத்தியாயம் ஒன்றையும், மோசமாக வந்தது ஒன்றையும் அனுப்பி, இரண்டையும் சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். அனுப்பும்போது இரைச்சல் நீக்காத, அளவு சமப்படுத்தாத WAV கோப்புகளையே அனுப்புங்கள், அந்தந்த நாளின் ரூம் டோனையும் சேர்த்து. நீங்கள் ஏற்கனவே நீக்கியதை அவரால் திருப்பிக் கொண்டுவர முடியாது.